பதவியும் தரமும்: கும்மிடிப்பூண்டிப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளில் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றி, அடுத்த உயர்வை எதிர்நோக்கியிருக்கும் பொறியாளர்களின் கவனத்திற்கு:

தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராகச் சேரும் ஒருவருக்கு முதல் சில ஆண்டுகளில் கிடைக்கும் உயர்வுகள் அவர் செய்யும் வேலையைப் பெரிதாக மாற்றுவதில்லை. பொறியாளர் என்றும் முதுநிலைப் பொறியாளர் என்றும் அட்டையில் பெயர் மாறினாலும் அவர் அதே உலையையோ அதே இயந்திரத்தையோதான் கவனித்துக்கொண்டிருப்பார். ஏறத்தாழப் பத்தாம் ஆண்டில் வரும் உயர்வு அப்படிப்பட்டதன்று. அது அவரை இயந்திரத்திடமிருந்து பிரித்து, இயந்திரத்தைக் கவனிக்கும் ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வருகைப் பதிவு, ஷிப்ட் மாற்றம், ஒப்பந்தத் தொழிலாளர் கணக்கு, மாத உற்பத்தி இலக்கு என்பவை அவருடைய நாளை நிரப்புகின்றன. இந்த மாற்றத்தை விரும்பாத ஒருவர் தம் தொழில்நுட்ப வேலையிலேயே தொடர்ந்தபடி மேலாளருக்கு இணையான ஊதியத்தை எட்டுவதற்கு நிறுவனம் வகுத்துத் தரும் இரண்டாவது வழியும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு இரட்டைப் பணியேணி என்று பெயர். ஒரு பக்கம் துணை மேலாளர், மேலாளர், பொது மேலாளர் என்று ஏறுகிறது. மறுபக்கம் வல்லுநர், முதுநிலை வல்லுநர், முதன்மை வல்லுநர் என்று ஏறுகிறது. இரண்டிலும் ஒரே உயரத்தில் இருக்கும் படிகளுக்கு ஊதியமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி.

இந்த விதியை ஏட்டில் எழுதுவது எளிது. நடைமுறையில் நிலைநிறுத்துவது கடினம். எது அதை நிலைநிறுத்துகிறது என்பதை அறிய வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஆவடியில், கனரகப் போர் வாகனங்களையே தம் பொருளாகக் கொண்ட இரண்டு அரசு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று 1961இல் நிறுவப்பட்டு 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட கனரக வாகனத் தொழிற்சாலை. 2021 அக்டோபர் முதல் இது ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. மற்றொன்று 1976இல் உருவான போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம். அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது இதுவே. ஒன்று உற்பத்தி செய்கிறது, மற்றொன்று வடிவமைக்கிறது என்பதே வெளியில் தெரியும் வேறுபாடு. பணியாளர் உயரும் முறையில் இவ்விரண்டும் வேறுபடுவது பலர் கவனிக்காத செய்தி.

தொழிற்சாலையில் தரம் என்பது நாற்காலியோடு பிணைந்தது. ஒர்க்ஸ் மேனேஜர், துணைப் பொது மேலாளர், இணைப் பொது மேலாளர், பொது மேலாளர் என்று செல்லும் வரிசையில் ஒவ்வொரு படிக்கும் இத்தனை இடங்கள் என்று அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை உண்டு. மேலே ஓர் இடம் காலியானால்தான் கீழே உள்ளவர் அதில் அமர முடியும். உற்பத்தி நடக்கும் இடத்தில் இதற்குக் காரணம் இருக்கிறது, ஏனெனில் ஒரு பணிமனைக்கு ஒரு பொறுப்பாளர்தான் இருக்க முடியும், இருவர் இருந்தால் ஆணை இரண்டாகிவிடும். ஆனால், இந்த முறையில் பற்றவைப்பில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் ஒருவரின் ஊதியம் அவருக்கு மேலிருப்பவர் எப்போது ஓய்வுபெறுவார் என்பதைப் பொறுத்தே அமைந்துவிடுகிறது.

ஆராய்ச்சி நிறுவனத்தில் தரம் ஆளோடு பிணைந்தது. அங்குள்ள அறிவியலாளர்கள் 1979இல் அமைக்கப்பட்ட பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணித்தொகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய உயர்வு, மத்திய அரசின் பல அறிவியல் துறைகளில் வழங்கும் நெகிழ்வு நிரப்புத் திட்டம் என்னும் முறையைத் தழுவியது. மூன்றாம் ஊதியக்குழு 1973இல் பரிந்துரைத்து, 1983இல் பொது வழிகாட்டுதல்களாக வெளிவந்த இந்தத் திட்டத்தின் உட்கரு ஒன்றேயொன்றுதான்: மேலே இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்காமல், தகுதி பெற்றவர் இருக்கும் இடத்திலேயே அவருடைய பணியிடம் உயர்த்தப்படும், அவர் ஓய்வுபெற்றுச் சென்றதும் அந்த இடம் மீண்டும் தொடக்க நிலைக்கே இறங்கிவிடும். எனவே, ஒருவருடைய உயர்வு இன்னொருவருடைய உயர்வைத் தடுப்பதில்லை. ஓர் ஆய்வுக்கூடத்தில் சஸ்பென்ஷன் அமைப்பைப் பற்றி ஆழ்ந்த அறிவுள்ள ஐவர் இருந்தால், ஐவரும் உரிய காலத்தில் உயர்தரத்தை எட்டலாம். அதற்காக ஐந்து துறைகளை உருவாக்கித் தலைக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

எண்களைக் கொண்டு பார்த்தால் இதன் போக்கு தெளிவாகும். அறிவியலாளர் பி என்னும் நிலையில் 23 வயதில் ஒருவர் சேர்வதாகக் கொண்டால், ஏழாம் ஊதியக்குழுவின் ஊதிய அணியில் அவர் 10ஆம் நிலையில், அதாவது 56,100 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் தொடங்குகிறார். பொது வழிகாட்டுதலின்படி ஒவ்வொரு நிலையிலும் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய ஆண்டுகள் முறையே 3, 4, 4, 5, 5 ஆகும். துறைக்குத் துறை இதில் சிறு வேறுபாடுகள் உண்டு. ஒவ்வொரு மதிப்பீட்டிலும் முதல் முயற்சியிலேயே தேறுபவர் 26 வயதில் சி நிலையையும், 30இல் டி நிலையையும், 34இல் இ நிலையையும், 39இல் எஃப் நிலையையும், 44இல் ஜி நிலையையும் எட்ட முடியும். இ நிலைக்குரிய 13ஆம் ஊதிய நிலை 1,23,100 ரூபாயிலும், ஜி நிலைக்குரிய 14ஆம் நிலை 1,44,200 ரூபாயிலும் தொடங்குகின்றன. மத்திய அரசுச் செயலகத்தில் 13ஆம் நிலை இயக்குநருக்கும் 14ஆம் நிலை இணைச் செயலாளருக்கும் உரியவை. ஓர் அமைச்சகத்தின் ஒரு பிரிவையே நடத்தும் நிர்வாக அதிகாரியும், டாங்கியின் ஒரு துணை அமைப்பை இருபது ஆண்டுகளாக வடிவமைத்துவரும் பொறியாளரும் ஒரே ஊதிய நிலையில் நிற்பது இவ்வாறுதான் நிகழ்கிறது. இவை மிகக் குறைந்த காலக் கணக்குகள் என்பதையும், மதிப்பீட்டில் தேறாதவர் அதே நிலையில் மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க நேரும் என்பதையும் சேர்த்தே கருத வேண்டும்.

காலியிடம் தேவையில்லை என்றால் எல்லோரையும் ஆண்டுக் கணக்கில் உயர்த்திவிடலாமே என்னும் கேள்வி இங்கே எழும். அதைத் தடுப்பதற்கு இருப்பது மதிப்பீடு. பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பில் பெரும்பாலான நிலைகளுக்குரிய மதிப்பீட்டை, தில்லியில் 1985 முதல் இயங்கிவரும் ஆள்தேர்வு மதிப்பீட்டு மையம் நடத்துகிறது. ஆண்டுதோறும் மேலதிகாரி எழுதும் செயல்திறன் அறிக்கை முதல் வடிகட்டியாக மட்டுமே பயன்படுகிறது. அதைக் கடந்தவர் அதே துறையில் தேர்ந்த வெளியாட்களும் இடம்பெறும் குழுவின் முன் அமர்ந்து, தாம் செய்த வேலையின் அறிவியல் உள்ளடக்கத்தை விளக்க வேண்டும். எத்தனை பேரை நிர்வகித்தார் என்பதைவிட எந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார் என்பதே அங்கு எடைபோடப்படுகிறது. ஆவடியில் இருப்பவரின் தரத்தை ஆவடியிலுள்ள அவருடைய மேலதிகாரி மட்டும் முடிவு செய்வதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு, ஏனெனில் ஒரு வல்லுநரின் வேலையை நாள்தோறும் பார்க்கும் மேலாளருக்கு அந்த வேலையின் ஆழம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இந்த முறைக்கும் நோய்கள் உண்டு. அவற்றை மறைத்து இதைப் போற்றுவது இம்மடலைப் படிப்போருக்கு உதவாது. மதிப்பீட்டுக் குழு தயங்கத் தொடங்கினால், உயர்வு தகுதியிலிருந்து நழுவி நாட்காட்டியின் பக்கம் சாய்ந்துவிடும். 1998இலும் 2010இலும் இத்திட்டத்தின் விதிகள் திருத்தப்பட்டபோது மதிப்பீட்டை இறுக்குவது அவற்றின் முக்கிய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. உயர்நிலைகளில் களப்பணி அனுபவம் இன்றியமையாதது என்ற நிபந்தனையும் இவ்வாறு வந்ததே. மற்றொரு குறை இன்னும் நுட்பமானது. ஊதிய நிலை ஒன்றாக இருந்தாலும், கொள்முதலுக்குக் கையெழுத்திடும் அதிகாரமும் ஆட்களை ஒதுக்கும் அதிகாரமும் பதவியிலேயே தங்கியிருக்கின்றன. ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் என்னும் நாற்காலி ஒன்றுதான். ஆகவே, உயர்தரம் பெற்றும் தம் வேலைக்குத் தேவையான ஒரு சோதனைக் கருவியை வாங்க மற்றொருவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் நிலை எந்த வல்லுநருக்கும் வரக்கூடும். ஊதியச் சமன்பாடு அதிகாரச் சமன்பாடாகத் தானே மாறிவிடுவதில்லை.

தனியார் துறையில் இம்முறையின் வரலாறும் ஊதியம், அதிகாரம் என்னும் இதே இரண்டு முனைகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது. ஐபிஎம் நிறுவனம் தன் தலைசிறந்த தொழில்நுட்பர்களுக்கு ஐபிஎம் ஃபெல்லோ என்னும் நிலையை 1963இல் வழங்கத் தொடங்கியபோது, அவர்களுக்கு ஊதியத்தோடு தாம் எதை ஆராய்வது என்று தாமே தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்து வழங்கியது. அந்த உரிமையில்லாமல் பட்டத்தை மட்டும் பின்பற்றிய நிறுவனங்களில் தொழில்நுட்ப ஏணி, மேலாளர் பதவி கிடைக்காதவர்களை அமரவைக்கும் இடமாகச் சுருங்கிப்போனது. தாமஸ் ஆலன், ரால்ஃப் காட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஒன்பது அமைப்புகளில் ஏறத்தாழ 1,500 பொறியாளர்களிடம் கேட்டறிந்து 1986இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: அவர்களுள் பெரும்பகுதியினர், குறிப்பாக நாற்பது வயதைக் கடந்தவர்கள், இரண்டு ஏணிகளில் எதையும்விட மனத்தை ஈர்க்கும் வேலைத்திட்டம் ஒன்று கிடைப்பதையே விரும்பினர். ஏணியைப் பற்றிப் பேசும்போது படிகளை மட்டும் எண்ணி, ஒவ்வொரு படியிலும் என்ன வேலை காத்திருக்கிறது என்பதை எண்ணாமல் விடுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதுவே சான்று.

இனிக் கும்மிடிப்பூண்டிக்கு வரலாம். சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பை உருக்கி வார்க்கும் தொழில் பரவலாக உள்ளதால், எடுத்துக்காட்டையும் அத்தொழிலிலிருந்தே எடுப்பது பொருந்தும். இங்குக் கூறப்படுபவர் எந்தத் தனிமனிதரும் அல்லர். விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவர், அவரைப் பற்றிய எண்களும் அவ்வாறானவையே. பத்து டன் தூண்டல் உலையில், அதாவது மின்சுருளின் காந்தப்புலத்தால் உலோகத்தை உருக்கும் உலையில், ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்துவரும் உலோகவியல் பொறியாளர் ஒருவருக்கு இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. ஒன்று, நான்கு ஷிப்ட் இன்சார்ஜ்களை மேற்பார்வையிடும் மெல்டிங் ஷாப் துணை மேலாளர் பதவி. மற்றொன்று முதுநிலை உலோகவியல் வல்லுநர் என்னும் நிலை. இரண்டுக்கும் மாத ஊதியம் ஒன்று என்று மனிதவளத் துறை கூறுகிறது.

அந்த வல்லுநர் உண்மையில் என்ன செய்வார் என்பதை அருகில் சென்று பார்த்தால்தான் அந்த நிலைக்கு மதிப்பு உண்டா என்பது விளங்கும். இத்தகைய உலையின் உட்சுவர், அதாவது லைனிங், பெரும்பாலும் சிலிக்கா மணலாலான ராமிங் மாஸை எஃகு அச்சுக்கும் சுருளுக்கும் இடையில் கொட்டி இறுக்கி, பின் சுட்டு உருவாக்கப்படுகிறது. உலையில் போடும் ஸ்கிராப் துருப்பிடித்ததாக இருந்தால், அந்தத் துருவிலுள்ள இரும்பு ஆக்சைடு சிலிக்காவோடு வினைபுரிந்து சுவரைத் தின்றுவிடும். சுவர் மெலியும்போது உலை வழக்கத்தைவிட அதிக மின்சாரத்தை இழுக்கும். உருக்கு விரைவாகிவிட்டது என்று ஷிப்டில் இருப்பவர் மகிழ்ந்துகொண்டிருக்கும் அதே வேளையில் உலோகம் சுருளை நெருங்கிக்கொண்டிருக்கும், மின்கசிவு காட்டும் அளவி ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தைச் சரியான ஹீட்டில், அதாவது சரியான உருக்குச் சுற்றில், கண்டு உலையை இறக்கத் தெரிந்தவர் உயிரையும் பொருளையும் காக்கிறார். இதே சிலிக்கா சுவரால் வரும் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: அமிலத்தன்மை கொண்ட கசடு பாஸ்பரஸை நீக்காது என்பதால், அதிகப் பாஸ்பரஸ் உள்ள ஸ்கிராப் ஒருமுறை உள்ளே போய்விட்டால் உலைக்குள் அதைச் சரிசெய்ய வழியில்லை, வாசலில் லாரி நிற்கும்போதே தடுத்தாக வேண்டும்.

மாதம் 280 ஹீட் ஓடும் அந்த உலையில் ஒரு லைனிங் 14 ஹீட் தாங்குகிறது என்றால் மாதத்தில் இருபது முறை சுவரை இடித்துப் புதிதாக அடிக்க வேண்டும். ஸ்கிராப் கலவையை ஒழுங்குபடுத்தியும், ராமிங் மாஸில் போரிக் அமிலத்தின் அளவையும் சுடும் வெப்பநிலையின் போக்கையும் திருத்தியும் அதை 20 ஹீட்டுக்கு வல்லுநர் உயர்த்தினால், பதினான்கு முறை போதும். மிச்சமாகும் ஆறு முறைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை டன் ராமிங் மாஸ் என்று கொண்டால் ஒன்பது டன் பொருளும், அதை அடிக்கும் ஆட்களின் உழைப்பும் மாதந்தோறும் மிஞ்சும். இந்தக் கணக்கை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலாளரின் பணி டன் கணக்கில் ஒவ்வொரு நாளும் பலகையில் எழுதப்படுகிறது; வல்லுநரின் பணியோ நடக்காமல் போன இடிப்புகளிலும், வெடிக்காமல் போன உலையிலும், திரும்பி வராமல் போன சரக்கிலும் ஒளிந்திருக்கிறது. அதை எண்ணாக்கிக் காட்டும் பழக்கம் இல்லாத தொழிற்சாலையில் இரண்டாவது ஏணி எத்தனை நல்ல எண்ணத்தோடு போடப்பட்டாலும் சில ஆண்டுகளில் சரிந்துவிடும், ஏனெனில் ஆண்டு மதிப்பீட்டின்போது வல்லுநரிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

ஆவடியின் அனுபவத்தை இந்த உலோகவியலாளருக்குக் காட்டப்பட்ட இரு வழிகளோடு பொருத்திப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, முதுநிலை வல்லுநருக்கு மேல் எத்தனை படிகள் எழுத்தில் உள்ளன, அவற்றை எட்டக் காலியிடம் தேவையா என்பதே. கும்மிடிப்பூண்டி அளவிலுள்ள பெரும்பாலான ஆலைகளில் தொழில்நுட்ப ஏணி இருந்தாலும் அது மேலாளர் ஏணியைவிட ஒன்றிரண்டு படிகள் முன்னதாகவே நின்றுவிடக்கூடும்; 35 வயதில் சமமாகத் தோன்றும் ஊதியம் 45 வயதில் வெகுதூரம் விலகிப் போவதற்கு இதுவே காரணம். ஆகையால், இன்றைய ஊதியத்தை ஒப்பிடுவதைவிட இரண்டு ஏணிகளின் கடைசிப் படிக்குரிய ஊதிய வரம்பை ஒப்பிடுவது பயன்தரும். ஊதியத்தின் உள்ளமைப்பும் பார்க்கத்தக்கது. அடிப்படை ஊதியம் ஒன்றாக இருந்து, உற்பத்தி டன்னோடு இணைந்த ஊக்கத்தொகை மேலாளருக்கு மட்டும் வழங்கப்பட்டால், ஏட்டிலுள்ள சமன்பாடு நல்ல மாதங்களில் காணாமல் போய்விடும். மாறாக, சந்தை விழுந்த மாதங்களில் வல்லுநரின் நிலையான ஊதியமே மேலானதாகிவிடவும் கூடும்.

அடுத்த கேள்வி, வல்லுநரை யார் மதிப்பிடுவார் என்பது. தில்லியிலிருந்து குழு வரவழைக்கும் வசதி முந்நூறு பேர் வேலை செய்யும் ஆலைக்கு இல்லை. ஆனால் அதே குழுமத்தின் வேறோர் ஆலையிலுள்ள மூத்த உலோகவியலாளர் ஒருவரையோ, அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஒருவரையோ, ஓய்வுபெற்ற உருக்காலை வல்லுநர் ஒருவரையோ ஆண்டுக்கொரு முறை அழைத்து அரைநாள் அமரவைப்பது எந்த ஆலைக்கும் முடியாத செலவன்று. கவரைப்பேட்டையிலேயே 1995 முதல் பொறியியல் கல்லூரி இயங்கிவருகிறது. மதிப்பிடுபவர் மெல்டிங் ஷாப் மேலாளர் ஒருவரே என்று விதி இருந்தால், அந்த வல்லுநர் பெயரளவில்தான் தனி ஏணியில் நிற்கிறார். செயலளவில் அவர் அந்த மேலாளரின் உதவியாளர்.

மூன்றாவது கேள்வி வாசலில் நிற்கும் லாரியைப் பற்றியது. ஸ்பெக்ட்ரோமீட்டரில் பாஸ்பரஸ் வரம்பைத் தாண்டியிருப்பதைக் கண்ட வல்லுநர் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பத் தாமே கையெழுத்திடலாமா, அல்லது கருத்து மட்டும் எழுதிவைத்துவிட்டுக் கொள்முதல் துறையின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டுமா? மெலிந்த லைனிங்கில் அடுத்த ஹீட்டை நிறுத்தும் உரிமை, மாதக் கடைசியில் இலக்கு எட்டப்படாத நிலையிலும், அவருக்கு உண்டா? இவ்விரண்டுக்கும் எழுத்தில் ஆம் என்று இருந்தால், அந்த நிலை துணை மேலாளர் பதவிக்கு உண்மையில் இணையானது. இல்லையென்றால் பொறுப்பு மட்டும் அவரிடமும் முடிவு வேறொருவரிடமும் இருக்கும். உலை உடைந்த நாளில் விசாரணை அறிக்கையில் எவர் பெயர் முதலில் எழுதப்படும் என்பதை எந்த அனுபவமுள்ள பொறியாளரும் ஊகிக்க முடியும்.

பலர் எண்ணிப் பார்க்காத சட்ட வேறுபாடு ஒன்றும் இத்தேர்வில் அடங்கியிருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தொழிலாளி என்பவரை வரையறுக்கும்போது தொழில்நுட்ப வேலை செய்பவரையும் அதில் சேர்த்து, அவருக்கு ஊதிய உச்சவரம்பு எதையும் விதிக்காமல் விட்டது. நிர்வாகப் பணியில் இருப்பவரை முற்றிலும் விலக்கியது. மேற்பார்வைப் பணியில் இருப்பவரை, 2010இன் திருத்தத்திற்குப் பின், மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் பெற்றால் விலக்கியது. அதன் இடத்திற்கு வந்த 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் இதே அமைப்பைப் பின்பற்றி, மேற்பார்வையாளருக்கான வரம்பை 18,000 ரூபாயாக்கியது. பதவியின் பெயரைவிட முதன்மையாகச் செய்த வேலையின் இயல்பையே நீதிமன்றங்கள் பார்க்கும் என்பதும் நிலைத்துவிட்ட கொள்கை. இதன் பொருள், உலையையும் ஸ்பெக்ட்ரோமீட்டரையும் தாமே இயக்கிச் சோதிப்பதையே முதன்மையான வேலையாகக் கொண்ட வல்லுநருக்கு, உயர்ந்த ஊதியம் பெற்றாலும், பணிநீக்கத்தின்போது தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர வழியுண்டு என்பதே. விடுப்பை அனுமதித்து, ஆட்களை நியமித்து, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் துணை மேலாளர் அந்த வாசலைக் கடந்து வெளியே போய்விடுகிறார். ஒவ்வொரு வழக்கும் அதனதன் விவரங்களைப் பொறுத்தே முடியும் என்றாலும், மேலாளர் பதவிக் கடிதத்தில் கையெழுத்திடும்போது எது கைவிட்டுப் போகிறது என்பதை அறிந்தே கையெழுத்திடுவது நல்லது.

இரண்டு ஏணிகளும் உண்மையானவை என்று தெரிந்த பின்பே எதைத் தேர்வது என்ற கேள்விக்கு இடம் வருகிறது. அங்கே குணத்தைப் பற்றிய பொதுவான பேச்சைவிட ஒரு வாரத்தின் நேரக் கணக்கு அதிகம் சொல்லும். மேற்கண்ட பொறியாளர் கடந்த வாரத்தில் எந்த மணி நேரங்கள் தமக்குத் தெரியாமலேயே கழிந்தன என்று பார்க்கட்டும். ஷிப்ட் மாறும் அரைமணி நேரத்தில் இரண்டு இன்சார்ஜ்களுக்கு இடையிலான பூசலைத் தீர்த்துவைத்ததில் நிறைவு கண்டவரும், மூன்று மாத லைனிங் பதிவேட்டை விரித்துவைத்து எந்தச் சரக்கு வந்த வாரத்தில் ஆயுள் குறைந்தது என்று தேடியதில் நேரம் மறந்தவரும் வெவ்வேறு மனிதர்கள். இருவரில் ஒருவர் உயர்ந்தவர் என்ற கருத்துக்கு அடிப்படையில்லை. வடஇந்தியாவிலிருந்து வந்து உலைமேடையில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் அவர்களுக்குப் புரியும்படி பேசி, கோடை வெப்பத்திலும் மேடையைப் பாதுகாப்பாக நடத்தும் மேலாளரின் திறன், உலோகவியல் அறிவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அது வேறொரு தொழில். வேறொரு தொழில் என்பதாலேயே, முதல் தொழிலில் சிறந்தவர் என்பதற்குப் பரிசாக அதை ஒருவர் தலையில் கட்டுவது பொருத்தமற்றது.

குடும்பத்தின் எதிர்பார்ப்பும் இத்தேர்வில் குறுக்கிடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேலாளர் என்ற சொல் திருமண அழைப்பிதழிலும் வங்கிக் கடன் விண்ணப்பத்திலும் தரும் மதிப்பை முதன்மை வல்லுநர் என்ற சொல் இன்னும் தருவதில்லை. அந்த மதிப்பின்மைக்கு ஈடாக ஊதியத்தில் எதுவும் கூட்டித் தரப்படுவதும் இல்லை. வெளியே வேலை தேடும்போதும் இரண்டும் வேறுவிதமாகச் செல்லுபடியாகின்றன: மேலாண்மை அனுபவம் பலவகை ஆலைகளுக்குப் பொருந்தும், உலோகவியல் வல்லமை சில ஆலைகளுக்கே பொருந்தினாலும் அங்கே அதற்குப் போட்டியாளர் குறைவு. ஆனால், வல்லமை என்பது ஓரிடத்தில் நிற்காது. தூண்டல் உலையில் சிலிக்கா சுவரை மட்டும் அறிந்த ஒருவர், ஆலை கார லைனிங்குக்கோ மின்வில் உலைக்கோ மாறும் நாளில் புதிதாகக் கற்க வேண்டியவராகிறார். அந்தக் கற்றலுக்கு ஆண்டுதோறும் எத்தனை நாள் விடுவிக்கப்படுவார், எந்த ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்படுவார் என்பது உறுதிப்படுத்தப்படாத வல்லுநர் நிலை சில ஆண்டுகளில் வெறும் பெயராகிவிடும்.

தேர்வு தவறாகப் போகும் வாய்ப்பும் உண்டு என்பதால், இரண்டு கடிதங்களில் எதை ஏற்பதானாலும் திரும்பி வரும் வழியை எழுத்தில் கேட்டுப் பெறுவது பொறியாளரின் உரிமை. துணை மேலாளராகச் செல்பவர், எடுத்துக்காட்டாக, பதினெட்டு மாதங்களுக்குள் அப்பணி ஒவ்வாது என்று கண்டால், அதே ஊதிய நிலையில், பணிமூப்பு குறையாமல் வல்லுநர் ஏணிக்கு மாற்றப்படலாம் என்று ஒரு வரி அதில் இருக்க வேண்டும். வல்லுநராகச் செல்பவருக்கும் எதிர்த்திசையில் அதே வரி இருக்க வேண்டும். மனிதவளத் துறை இதைத் தர மறுத்தால், மறுப்புக்குக் கூறப்படும் காரணமே அந்த ஆலையில் தரம் ஆளோடு பிணைந்திருக்கிறதா, நாற்காலியோடு பிணைந்திருக்கிறதா என்பதைச் சொல்லிவிடும்: அந்த இடத்தில் அதற்குள் வேறொருவர் அமர்ந்துவிடுவார் என்பது பதிலானால், அங்கே இருப்பது ஓர் ஏணிதான்.